இரவுப் பணியில் தீ ஒத்திகை: 18 நோயாளிகள் உள்ள ஒரு வார்டில் நடத்திப் பார்ப்பது எப்படி

வார்டில் தீ ஒத்திகை நடத்தும் பொறுப்பு முதன்முறையாக உங்களிடம் வந்திருந்தால், முன்பு நடந்த ஒத்திகைகளின் கோப்பை எடுத்துப் பாருங்கள். பல மருத்துவமனைகளில், பகல் 11 மணிக்கு, கட்டடத்துக்கு வெளியே ஒரு தகரத் தட்டில் தீ மூட்டி, பணியாளர்கள் வரிசையாக வந்து தீயணைப்பானால் அணைத்துக் காட்டிய படங்களே அதில் இருக்கும். அது தீயணைப்பானைக் கையாளும் பயிற்சி, அதுவும் தேவைதான். ஆனால் வார்டுக்குள் தீப்பிடிக்கும்போது நோயாளிகளின் உயிரைத் தீர்மானிப்பவை, பணியில் இருக்கும் நான்கைந்து பேர் முதல் சில நிமிடங்களில் எடுக்கும் முடிவுகள்: கதவை மூடுவதா திறப்பதா, யாரை முதலில் நகர்த்துவது, ஆக்சிஜன் வால்வை யார் எப்போது மூடுவது, எல்லோரும் வந்து சேர்ந்தார்களா என்று யார் எண்ணுவது. இந்த முடிவுகளைச் சோதிக்காத ஒத்திகை, மருத்துவமனைத் தர அங்கீகாரத்துக்கான ஆய்வாளரிடம் காட்டுவதற்கு மட்டுமே உதவும்.

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு சூழலை எடுத்துக்கொண்டு முழுமையாகப் பார்ப்போம். மூன்றாம் மாடியில் உள்ள ஆண்கள் பொது மருத்துவ வார்டு; 20 கட்டில்கள், 18 நோயாளிகள்; நேரம் இரவு 10.30. பணியில் இரண்டு செவிலியர்கள், ஒரு உதவிச் செவிலியர், ஒரு தூய்மைப் பணியாளர் என நால்வர் மட்டுமே இருக்கிறார்கள். பணி மருத்துவர் ஒருவர் மூன்று வார்டுகளுக்குப் பொதுவானவர். பகலில் இதே வார்டில் பயிற்சி மாணவியர், இயன்முறை மருத்துவர், மேற்பார்வையாளர் என இருபது பேர் நடமாடுவார்கள். ஆட்கள் குறைவாகவும், நோயாளிகள் அரைத் தூக்கத்திலும், நோயாளியுடன் இருப்பவர்கள் நடைபாதையில் பாய் விரித்தும் இருக்கும் நேரத்தில் திட்டம் தாக்குப்பிடிக்கிறதா என்பதே நமது கேள்வி.

புகையும் லிப்டும்

2011 டிசம்பர் 9 அன்று கொல்கத்தாவின் டாக்குரியா பகுதியில் ஒரு பெரிய தனியார் மருத்துவமனையில் தீப்பிடித்து ஏறத்தாழ 90 பேர் உயிரிழந்தார்கள். தீ எரிந்தது அடித்தளத்தில். இறந்தவர்களில் பெரும்பாலோர் மேல் மாடிகளில் இருந்த நோயாளிகள். கட்டடத்துக்குள் பரவிய புகையே அவர்களைக் கொன்றது. 2024 டிசம்பர் 12 அன்று திண்டுக்கல்லில் ஒரு தனியார் மருத்துவமனையில் நடந்த தீ விபத்தில் லிப்டுக்குள் சிக்கியவர்கள் மயங்கிய நிலையில் மீட்கப்பட்டார்கள். ஒரு குழந்தை உட்பட உயிரிழப்புகள் நேர்ந்தன. இந்த இரண்டு நிகழ்வுகளையும் மனத்தில் வைத்தே நம் ஒத்திகையின் அடிப்படை விதிகள் அமைகின்றன. புகையை ஓர் அறைக்குள் அடைத்து வைக்க வேண்டும். லிப்டைப் பயன்படுத்தக் கூடாது. நோயாளிகளைக் கீழ்த்தளத்துக்கு இறக்குவதற்கு முன், அதே தளத்தில் தீத்தடுப்புக் கதவுக்கு அப்பால் உள்ள பகுதிக்கு நகர்த்த வேண்டும்.

மூன்றாவது விதி புதியவர்களுக்கு வியப்பாக இருக்கும். பள்ளியிலும் அலுவலகத்திலும் மணி அடித்ததும் எல்லோரும் கீழே இறங்கித் திடலில் கூடுவார்கள். படுக்கையில் இருக்கும் நோயாளியை மூன்று மாடிப் படிகளில் இறக்க நான்கு பேர் வேண்டும். நம்மிடம் இருப்பதே நால்வர். ஆகவே நம் எடுத்துக்காட்டில் ஆண்கள் வார்டின் நோயாளிகள், நடைபாதையின் நடுவில் உள்ள தீத்தடுப்பு இரட்டைக் கதவைக் கடந்து, அதே மாடியின் பெண்கள் வார்டுக்குச் செல்கிறார்கள். அந்தக் கதவு முழுமையாக மூடி, தாழ் விழுகிறதா என்பதை ஒத்திகைக்கு முன்பே பாருங்கள். தள்ளுவண்டி போகும் வசதிக்காக அதைக் கயிற்றால் கட்டியோ, தீயணைப்பானையே முட்டுக்கொடுத்தோ திறந்து வைத்திருப்பது நான் அடிக்கடி காணும் காட்சி. அப்படித் திறந்திருக்கும் வரை, அதற்கு அப்பால் பாதுகாப்பான பகுதி என்று ஒன்று இல்லை.

முதல் படி: நோயாளிப் பட்டியலை நகர்வின்படி பிரித்தல்

ஒத்திகைக்கு முந்தைய நாள், வார்டின் பொறுப்புச் செவிலியருடன் கட்டில் கட்டிலாகச் செல்லுங்கள். ஒவ்வொரு நோயாளிக்கும் இரண்டு கேள்விகள்: எப்படி நகர்வார்? ஆக்சிஜன் ஓடுகிறதா? நம் வார்டில் 9 பேர் தாமே நடப்பவர்கள், 5 பேருக்குச் சக்கர நாற்காலி வேண்டும், 4 பேர் படுக்கையிலேயே இருப்பவர்கள். ஆக்சிஜனில் நால்வர். அவர்களில் இருவருக்கு மூக்குக் குழாய் வழியாக நிமிடத்துக்கு 2 லிட்டர். ஒருவருக்கு முகமூடி வழியாக 6 லிட்டர். ஒருவர், அழுத்தத்துடன் காற்றைச் செலுத்தி மூச்சுக்கு உதவும் பைபேப் இயந்திரத்தில் இருக்கிறார். கடைசி இருவரும் படுக்கை நோயாளிகள்.

சுவரிலிருந்து வரும் ஆக்சிஜன் நின்றால் இந்த நால்வருக்கும் என்ன செய்வது என்று இப்போதே எழுதுங்கள். மூக்குக் குழாயில் உள்ள இருவரும் பெண்கள் வார்டைச் சென்றடையும் சில நிமிடங்களைத் தாங்குவார்களா என்பதைப் பணி மருத்துவர் முடிவு செய்து, பணி மாற்றக் குறிப்பில் எழுத வேண்டும். முகமூடியில் உள்ளவருக்குச் சிலிண்டர் வேண்டும். பைபேப் நோயாளிக்கு இயந்திரத்தைக் கழற்றிவிட்டு, சேமிப்புப் பை கொண்ட முகமூடியில் 15 லிட்டர் வரை கொடுத்தபடி நகர்த்தலாம். மூச்சு தளர்ந்தால் கைப்பம்பு போன்ற ஆம்பு பையால் உதவ ஒருவர் கூடவே வர வேண்டும். நம் நாட்டில் வழக்கத்தில் உள்ள பி வகைச் சிலிண்டரில் நிரம்பிய நிலையில் சுமார் 1500 லிட்டர் ஆக்சிஜன் இருக்கும். நிமிடத்துக்கு 6 லிட்டர் என்றால் நான்கு மணி நேரம் வரும். 15 லிட்டர் என்றால் 100 நிமிடம். அழுத்தமானி பாதியைக் காட்டினால் இந்தக் கணக்கும் பாதியாகும். சிலிண்டர் நிரம்பியிருந்தும் அதன் சாவி காணாமல் போயிருப்பது மிகச் சாதாரணமாக நடக்கிறது. சாவியைச் சிலிண்டரின் கழுத்திலேயே சங்கிலியால் கட்டி வையுங்கள்.

அடுத்து, ஆக்சிஜன் வால்வுப் பெட்டியின் முன் நில்லுங்கள். பெரும்பாலும் செவிலியர் மேசைக்கு அருகில், கண்ணாடிக் கதவுடன் அது இருக்கும். எந்தக் கட்டிலிலிருந்து எந்தக் கட்டில் வரை அது கட்டுப்படுத்துகிறது என்று பெட்டியின் மீது எழுதியிருக்கிறதா? எழுதியிருந்தாலும் எரிவாயுப் பிரிவுப் பொறியாளரிடம் வரைபடத்தைக் கேட்டு ஒப்பிடுங்கள். கட்டடத்தை விரிவாக்கியபோது பக்கத்து அறையின் குழாயையும் இதே வால்வில் இணைத்திருந்தால், இங்கே மூடும் கை அங்கே ஒருவரின் மூச்சை நிறுத்தும்.

இரண்டாம் படி: பொறுப்புகளைப் பெயருக்கு அல்ல, பணியிடத்துக்குக் கொடுத்தல்

சுவரில் ஒட்டியிருக்கும் தீப்பாதுகாப்புக் குழுப் பட்டியலில் உள்ள பெயர்களில் பாதிப்பேர் இரவில் வீட்டில் இருப்பார்கள். ஆகவே பொறுப்பு அந்த நேரப் பணியிடத்தோடு சேர்ந்திருக்க வேண்டும். ஒவ்வொரு பணி மாற்றத்தின்போதும் வெண்பலகையில் நான்கு வரிகளில் யார் யார் என்று எழுதினால் போதும். ஒரு நிமிட வேலை.

முதல் செவிலியர்தான் வார்டின் தலைமை. அவர் எந்த நோயாளியையும் தள்ளக் கூடாது. நோயாளிப் பட்டியலைக் கையில் எடுத்துக்கொண்டு, ஆணைகளைக் கொடுத்து, ஆக்சிஜன் வால்வை மூடும் முடிவை எடுத்து, கடைசியாக வெளியேறுவது அவர் வேலை. இதைக் கடைப்பிடிப்பது கடினம், ஏனெனில் நல்ல செவிலியரின் கை தானாகவே அருகில் உள்ள நோயாளியிடம் போகும். அவர் ஒரு நாற்காலியைத் தள்ளத் தொடங்கியதும் வார்டுக்குத் தலைமை இல்லாமல் போகிறது. இது நேர்ந்ததா என்பதை ஒத்திகையில் தனியாகக் கவனியுங்கள்.

இரண்டாம் செவிலியர் ஆக்சிஜன் நோயாளிகளுக்குப் பொறுப்பு. நால்வரும் சிலிண்டருக்கு மாறிவிட்டார்கள் அல்லது ஆக்சிஜன் இன்றிச் சில நிமிடம் இருக்கலாம் என்பதை உறுதி செய்து, ‘ஆக்சிஜன் நோயாளிகள் தயார்’ என்று உரத்துச் சொல்ல வேண்டும். அந்தச் சொல்லைக் கேட்ட பிறகே தலைமைச் செவிலியர் வால்வை மூடுகிறார். தீ ஆக்சிஜன் குழாய்க்கு அருகிலேயே எரிகிறது என்றால் அந்தச் சொல்லுக்காகக் காத்திருக்க முடியாது; அந்த முடிவும் தலைமைச் செவிலியருடையதே, மருத்துவர் வரும் வரை ஒத்திப்போட வேண்டியதில்லை. இந்த அதிகாரத்தை மருத்துவமனை எழுத்து வடிவில் கொடுத்திருக்க வேண்டும். கொடுக்காவிட்டால் எந்தச் செவிலியரும் வால்வில் கை வைக்கத் தயங்குவார். அந்தத் தயக்கத்துக்கு அவரைக் குறைசொல்ல முடியாது.

உதவிச் செவிலியர், நடக்கக்கூடிய நோயாளிகளையும் உடன் இருப்பவர்களையும் ஒரே குழுவாகக் கதவுக்கு அப்பால் கூட்டிச் செல்கிறார். தூய்மைப் பணியாளர் நடைபாதையில் உள்ள பாய், ஸ்டூல், டிபன் கேரியர் போன்றவற்றை ஓரமாக ஒதுக்கி, அறைக் கதவுகளையும் கழிவறைகளையும் பார்த்து மூடுகிறார். ஆள் இல்லை என்று பார்த்து மூடிய ஒவ்வோர் அறையின் கதவுக்கு வெளியே ஒரு தலையணையைப் போட்டுவிட்டால், பின்னால் வருபவர் அதே அறையை மறுபடியும் திறந்து தேட மாட்டார்.

வார்டுக்கு வெளியே இருப்பவர்களின் வேலைகள் சுருக்கமானவை. தொலைபேசி இயக்குபவர் ஒலிபெருக்கியில் ‘கோட் ரெட், மூன்றாம் மாடி, ஆண்கள் மருத்துவ வார்டு’ என்று மூன்று முறை அறிவித்து 101-ஐ அழைக்கிறார். காவலாளிகளில் ஒருவர் லிப்டைத் தரைத்தளத்தில் நிறுத்தி யாரையும் ஏறவிடாமல் பார்க்கிறார். இன்னொருவர் தீயணைப்பு வண்டி வரும் வழியில் உள்ள வாகனங்களை அகற்றுகிறார். மின்பணியாளர் அந்த வார்டின் குளிர்சாதனக் காற்றோட்டத்தையும், தலைமைச் செவிலியர் சொன்ன பிறகு மின்சாரத்தையும் துண்டிக்கிறார். பணி மருத்துவர் தீ இருக்கும் பக்கம் போகாமல் பெண்கள் வார்டில் நின்று, வந்து சேரும் நோயாளிகளைப் பார்க்கிறார். பெண்கள் வார்டின் செவிலியர் ஒருவர் கதவருகே நின்று வருபவர்களை எண்ணுகிறார்.

மூன்றாம் படி: ஒத்திகையால் யாருக்கும் தீங்கு வராமல் பார்த்தல்

உண்மையான நோயாளிகளை நகர்த்த வேண்டாம். அன்று மாலைப் பணியில் இருந்த செவிலியர்கள் இருவரை ஒரு மணி நேரம் கூடுதலாக இருக்கச் சொல்லி, ஒத்திகை நடக்கும்போது நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையை மட்டும் கொடுங்கள். காலியாக உள்ள இரண்டு கட்டில்களில் நர்சிங் மாணவியர் இருவர் படுத்துக்கொள்ளட்டும். முகமூடி நோயாளியும் பைபேப் நோயாளியும் அவர்களே. மற்ற 16 பேருக்கும் கட்டிலின் கால்மாட்டில் ஓர் அட்டையைத் தொங்கவிடுங்கள்: நடப்பவர், நாற்காலி, படுக்கை. நாற்காலி அட்டையை எடுத்துச் செல்பவர் காலியான சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும். படுக்கை அட்டைக்கு இருவர் சேர்ந்து ஸ்ட்ரெச்சரைத் தள்ள வேண்டும். ஒரே ஆள் ஐந்து நாற்காலி அட்டைகளையும் கையில் அள்ளிக்கொண்டு ஓடினால் அளக்கும் நேரம் பொய்யாகிவிடும்.

வால்வை உண்மையில் திருப்பக் கூடாது. பெட்டிக் கண்ணாடியின் மீது கையை வைத்து, ‘வால்வை மூடுகிறேன்’ என்று சொன்னால் போதும். புகை இயந்திரமும் வேண்டாம்; மூச்சுத்திணறல் உள்ளவர்கள் படுத்திருக்கும் இடம் அது. சிவப்புத் துணி தீயையும், சாம்பல் துணி புகையையும் குறிக்கட்டும்.

நோயாளிகளிடமும் உடன் இருப்பவர்களிடமும் மாலையிலேயே சொல்லிவிடுங்கள்; இரவு உணவு கொடுக்கும் நேரத்தில் மறுபடியும் ஒரு முறை சொல்லுங்கள். தீயணைப்பு நிலையத்துக்கு முன்கூட்டியே தகவல் கொடுத்து, அன்றைய அழைப்பு ஒத்திகை அழைப்பு என்று தெரிவியுங்கள். எச்சரிக்கை மணிப் பலகையைச் சோதனை நிலைக்கு மாற்றுபவர் யார், ஒத்திகை முடிந்ததும் அதைப் பழைய நிலைக்குத் திருப்புபவர் யார் என்பதைப் படிவத்திலேயே எழுதுங்கள். எந்த நேரத்திலும் யார் வேண்டுமானாலும் ‘ஒத்திகை நிறுத்தம்’ என்று சொல்லலாம். உண்மையில் ஒரு நோயாளிக்கு ஆபத்து என்றால் அந்தச் சொல்லோடு எல்லாம் நின்றுவிட வேண்டும்.

கடிகாரத்துடன் மூன்று பார்வையாளர்கள் வேண்டும்: ஒருவர் தீ உள்ள இடத்தில், ஒருவர் செவிலியர் மேசையருகே, ஒருவர் தீத்தடுப்புக் கதவில். அவர்கள் யாருக்கும் குறிப்புக் கொடுக்கக் கூடாது. தடுமாறும் பணியாளரைப் பார்த்து உதவத் தோன்றும், ஆனால் அந்தத் தடுமாற்றம் எத்தனை விநாடி நீடித்தது என்பதே நமக்கு வேண்டிய செய்தி.

ஒத்திகை: நிமிடம் நிமிடமாக

கீழே உள்ளது எடுத்துக்காட்டுக்காக அமைத்த ஓட்டம். முதல் முறை ஒத்திகை நடத்தும் வார்டுகளில் வழக்கமாக நேரும் தவறுகளை இதில் சேர்த்திருக்கிறேன்.

இரவு 10.30. தீ உள்ள இடத்தின் பார்வையாளர், நடைபாதையில் சென்றுகொண்டிருக்கும் தூய்மைப் பணியாளரிடம் முதல் அட்டையைக் கொடுக்கிறார்: ‘துணி வைக்கும் அறையின் கதவுக்கு அடியில் புகை வருகிறது. இது ஒத்திகை.’ அந்த அம்மா உடனே கதவைத் திறக்கிறார். இது எல்லோரும் செய்வதே. உள்ளங்கையால் தொடாமல், புறங்கையால் கதவையும் கைப்பிடியையும் தொட்டுப் பார்த்து, சூடாக இருந்தால் திறக்காமல் விட வேண்டும். திறந்தால் அதுவரை காற்றின்றி முனகிக்கொண்டிருந்த தீக்குப் புதிய காற்று கிடைக்கும், புகையும் நடைபாதைக்கு வந்துவிடும். பார்வையாளர் எதுவும் சொல்லாமல் சாம்பல் துணியை நடைபாதையில் பத்து அடி தூரத்துக்கு விரிக்கிறார்.

அந்த அம்மா செவிலியரைத் தேடிப் போகிறார். செவிலியர் ஒரு நோயாளிக்கு ஊசி போட்டுக்கொண்டிருப்பதால் அருகே சென்று மெதுவாகச் சொல்கிறார். எச்சரிக்கை மணியின் கண்ணாடி உடைக்கும் பெட்டி, அவர் கடந்து சென்ற வழியில்தான் இருந்தது. மணி ஒலிக்கும்போது 1 நிமிடம் 20 விநாடி ஆகிவிட்டது. மணியை அழுத்த யாருடைய அனுமதியும் தேவையில்லை என்பது தமக்குத் தெரியாது என்று அவர் பின்னர் கலந்துரையாடலில் சொல்வார்.

தொலைபேசி அழைப்பு 1 நிமிடம் 50 விநாடியில் போகிறது. ‘வார்டில் தீ’ என்று மட்டும் சொல்லிவிட்டு உதவிச் செவிலியர் வைத்துவிடுகிறார். எந்த வார்டு என்று கேட்க இயக்குபவர் திரும்ப அழைக்க வேண்டியிருக்கிறது. அறிவிப்பு ஒலிக்கும்போது 2 நிமிடம் 40 விநாடி.

இதற்கிடையே தலைமைச் செவிலியர் நன்றாகச் செயல்படுகிறார். துணி அறைக்கு அடுத்துள்ள நான்கு கட்டில்களை முதலில் காலி செய்யச் சொல்கிறார். நடப்பவர்கள் ஒன்பது பேரும் ஒரே குழுவாகப் புறப்பட்டு, 3 நிமிடம் 30 விநாடிக்குள் கதவைக் கடந்துவிடுகிறார்கள். தீக்கு அருகில் உள்ளவர் முதலில், பிறகு நடப்பவர்கள், பிறகு நாற்காலி, கடைசியாகப் படுக்கை என்ற வரிசைக்குக் காரணம் எளியது: குறைந்த ஆட்களைக் கொண்டு குறைந்த நேரத்தில் அதிகம் பேரை வெளியேற்றிவிட்டு, மீதமுள்ள கைகள் அனைத்தையும் நகர முடியாதவர்களிடம் கொண்டுவர முடிகிறது.

இரண்டாம் அட்டை 4-ஆம் நிமிடத்தில் தலைமைச் செவிலியரிடம் போகிறது: ‘புகை மூன்றாவது கட்டில் வரை வந்துவிட்டது.’ இங்கே வேலை தடைபட்டு நிற்கிறது. இரண்டாம் செவிலியர் முகமூடி நோயாளிக்குச் சிலிண்டரை மாற்றிவிட்டார். பைபேப் நோயாளிக்கான இரண்டாவது சிலிண்டர் பெண்கள் வார்டுக்கு மாலையில் இரவல் போயிருக்கிறது. அதைக் கொண்டுவர ஒருவர் ஓடுகிறார். தலைமைச் செவிலியர் வால்வுப் பெட்டியின் முன் நின்று, ‘டாக்டர் வந்துவிட்டாரா?’ என்று கேட்கிறார். அவர் கண்ணாடியில் கையை வைக்கும்போது 6 நிமிடம் 45 விநாடி.

படுக்கை நோயாளிகளை நகர்த்தும்போது இன்னொன்று தெரியவருகிறது. மாணவி படுத்திருக்கும் கட்டிலின் சக்கரப் பூட்டு ஒன்று விடவில்லை. உடனே போர்வையோடு இழுக்கும் முறைக்கு மாறுகிறார்கள்: மெத்தையைத் தரையில் இறக்கி, நோயாளியைப் போர்வையால் சுற்றி, தலைப்பக்கம் பிடித்து ஒருவர் இழுக்க, இன்னொருவர் குழாய்களைப் பார்த்துக்கொள்கிறார். சிறுநீர்ப் பையை நோயாளியின் கால்களுக்கு இடையே வைக்கலாம். நெஞ்சுக் குழாய் இருந்தால் அதன் பாட்டில் எப்போதும் நெஞ்சு மட்டத்துக்குக் கீழே இருக்க வேண்டும். நகர்த்தும் வசதிக்காக அந்தக் குழாயைக் கவ்வியால் அடைக்கக் கூடாது.

9 நிமிடம் 10 விநாடியில் கடைசி நோயாளி கதவைக் கடக்கிறார். பெண்கள் வார்டின் செவிலியர் எண்ணும்போது 17. பார்வையாளர்கள் முன்கூட்டியே ஓர் அட்டையை எடுத்துக் கழிவறைக் கதவில் மாட்டி வைத்திருந்தார்கள். கழிவறைக் கதவுக்கு வெளியே தலையணை கிடக்கிறது, ஆனால் உள்ளே யாரும் பார்க்கவில்லை. 18-ஆவது அட்டை வந்து சேரும்போது 10 நிமிடம் 50 விநாடி. ‘ஒத்திகை முடிந்தது’ என்று ஒலிபெருக்கியில் அறிவித்து, மணிப் பலகையைப் பழைய நிலைக்குத் திருப்பி, அதைப் படிவத்தில் குறிக்கிறோம்.

தீயணைப்பானைப் பற்றி எதுவும் சொல்லவில்லையே என்று கேட்கலாம். கதவு சூடாக இருக்கும் அறைக்குள் செவிலியர்கள் தீயணைப்பானோடு நுழையக் கூடாது. குப்பைக் கூடை அளவுள்ள தீ, பின்னால் வெளியேறும் வழி, கையில் சரியான வகைத் தீயணைப்பான் ஆகிய மூன்றும் இருந்தால் மட்டுமே ஒருவர் முயலலாம். கையில் தூக்கும் தீயணைப்பான் பெரும்பாலும் அரை நிமிடம்கூட நீடிக்காது. அது தீர்ந்தும் தீ அணையவில்லை என்றால் கதவை மூடிவிட்டு வெளியேற வேண்டும்.

கலந்துரையாடல்

ஒத்திகை முடிந்த கால் மணி நேரத்துக்குள், வார்டிலேயே, பங்கேற்ற அனைவரும் 20 நிமிடம் அமருங்கள். முதலில் தூய்மைப் பணியாளரைப் பேசச் சொல்லுங்கள், பிறகு உதவிச் செவிலியர், செவிலியர்கள், மருத்துவர், பார்வையாளர்கள் கடைசியில். மேலதிகாரி முதலில் பேசிவிட்டால் மற்றவர்கள் அதை ஆமோதிப்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். ‘ஏன் கதவைத் திறந்தீர்கள்?’ என்று கேட்காமல், ‘அந்த நேரத்தில் உங்களுக்கு என்ன தெரிந்திருந்தது, என்ன நினைத்தீர்கள்?’ என்று கேளுங்கள். மணியை அழுத்த அனுமதி வேண்டும் என்று அந்த அம்மா நினைத்தது இந்தக் கேள்விக்குத்தான் வெளிவரும், கடிந்துகொண்டால் வராது.

நிரப்பிய படிவம் இப்படி இருக்கும். இதையே உங்கள் வார்டுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம்.

தீ ஒத்திகை – கலந்துரையாடல் படிவம்

வார்டு: ஆண்கள் மருத்துவம், மூன்றாம் மாடி
பணி நேரம்: இரவு
நோயாளிகள்: 18 (நடப்பவர் 9, நாற்காலி 5, படுக்கை 4, ஆக்சிஜன் 4)
பணியாளர்கள்: 4
முன்னறிவிப்பு: பணியாளர்களுக்கு நாள் மட்டும், நேரம் இல்லை

நேரங்கள் (முதல் அட்டையிலிருந்து)
எச்சரிக்கை மணி: 1 நிமிடம் 20 விநாடி
தொலைபேசி அழைப்பு: 1 நிமிடம் 50 விநாடி
ஒலிபெருக்கி அறிவிப்பு: 2 நிமிடம் 40 விநாடி
நடப்பவர்கள் கதவைக் கடந்தது: 3 நிமிடம் 30 விநாடி
வால்வு மூடும் முடிவு: 6 நிமிடம் 45 விநாடி
கடைசி நோயாளி கதவைக் கடந்தது: 9 நிமிடம் 10 விநாடி
எண்ணிக்கை சரியானது: 10 நிமிடம் 50 விநாடி

ஆம் / இல்லை
தீ உள்ள அறைக் கதவு மூடியிருந்ததா? இல்லை
தலைமைச் செவிலியர் நோயாளியைத் தள்ளாமல் இருந்தாரா? ஆம்
வால்வுக்கு முன் ‘ஆக்சிஜன் நோயாளிகள் தயார்’ என்று சொல்லப்பட்டதா? இல்லை
லிப்டை யாரும் பயன்படுத்தவில்லையா? ஆம்
தலையணை போட்ட ஒவ்வோர் அறையும் உள்ளே பார்க்கப்பட்டதா? இல்லை
மணிப் பலகை பழைய நிலைக்குத் திரும்பியதா, திருப்பியவர் யார்? ஆம், மின்பணியாளர்

நன்றாக நடந்தவை: தீக்கு அருகில் உள்ள கட்டில்கள் முதலில் காலியாயின. நடப்பவர்கள் ஒரே குழுவாகச் சென்றார்கள். சக்கரம் சிக்கியதும் போர்வை முறைக்கு உடனே மாறினார்கள்.

சரிசெய்ய வேண்டியவை
1. வால்வை மூடும் அதிகாரம் பற்றிய எழுத்து ஆணை. பொறுப்பு: செவிலியர் கண்காணிப்பாளர். கெடு: 7 நாள். சான்று: ஆணையின் நகல் வால்வுப் பெட்டியருகே ஒட்டப்பட்டிருத்தல்.
2. வார்டை விட்டு வெளியே போகாத இரண்டு சிலிண்டர்கள், சாவியுடன். பொறுப்பு: எரிவாயுப் பிரிவு. கெடு: 3 நாள். சான்று: ஒவ்வொரு பணி மாற்றத்திலும் அழுத்தமானி அளவைப் பதிதல்.
3. யாரும் மணியை அழுத்தலாம் என்ற பயிற்சி, தூய்மைப் பணியாளர்களுக்கும் காவலாளிகளுக்கும். பொறுப்பு: தரப் பிரிவு. கெடு: 14 நாள். சான்று: ஒவ்வொருவரும் பெட்டியிடம் சென்று செய்துகாட்டல்.
4. 20 கட்டில்களின் சக்கரப் பூட்டுகளையும் பரிசோதித்தல். பொறுப்பு: பராமரிப்புப் பிரிவு. கெடு: 7 நாள். சான்று: ஒவ்வொரு கட்டிலின் பூட்டையும் போட்டு விடுவித்துக் காட்டல்.

படிவத்தை நிரப்பும்போது ‘விழிப்புணர்வு ஏற்படுத்தப்படும்’, ‘பணியாளர்களுக்கு அறிவுறுத்தப்பட்டது’ போன்ற வரிகளை ஏற்காதீர்கள். ஒரு பொறுப்பாளர், ஒரு கெடு நாள், நேரில் போய்ப் பார்க்கக்கூடிய ஒரு சான்று இல்லாத வரி அடுத்த ஒத்திகையிலும் அப்படியே திரும்ப வரும். ‘எல்லாம் நன்று’ என்று நிரம்பி வரும் படிவத்தையும் நம்பாதீர்கள். பார்வையாளர்கள் பணியாளர்களுக்கு உதவியிருப்பார்கள், அல்லது நேரத்தை நினைவிலிருந்து எழுதியிருப்பார்கள்.

மொத்த நேரத்தை மற்ற மருத்துவமனைகளோடு ஒப்பிடுவதில் பயன் குறைவு, ஏனெனில் வார்டின் நீளமும் நோயாளிகளின் நிலையும் இடத்துக்கு இடம் மாறும். அதே வார்டில், அதே எண்ணிக்கைப் பணியாளர்களோடு, அடுத்த முறை மணி எத்தனை விநாடியில் ஒலித்தது, வால்வு முடிவு எப்போது வந்தது என்று ஒப்பிடுங்கள்.

மருத்துவமனைத் தர அங்கீகாரத்துக்கு ஆண்டுக்கு இரண்டு ஒத்திகைகளாவது நடந்திருக்க வேண்டும். ஆனால் ஆறு மாதம் கழித்து முழு ஒத்திகையை மறுபடி நடத்தும்போது இரவுப் பணியாளர்களில் பலர் மாறியிருப்பார்கள். அதனால் தவறிய பகுதியை மட்டும் இரண்டு வாரத்தில் தனியாக நடத்துங்கள். நம் வார்டுக்கு அது ஆக்சிஜன் பகுதி: இரண்டு செவிலியர்கள், ஒரு சிலிண்டர், பைபேப் நோயாளியாக ஒரு மாணவி, வால்வுப் பெட்டி. பணி மாற்ற நேரத்தில் பத்து நிமிடம் போதும். அந்த மாதம் இரவுப் பணிக்கு வரும் ஒவ்வொரு ஜோடியும் ஒரு முறை செய்து முடித்த பிறகு, படிவத்தில் ‘சரிசெய்ய வேண்டியவை’ பட்டியலின் முதல் இரண்டு வரிகளை முடிந்தவை என்று கையெழுத்திட்டு மூடலாம்.